மின்சாரம் திரும்பும் நேரம்

இருட்டில் பயம் உண்டு என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். அதனாலேயே கதை எழுதுகிறவனுக்கு இருட்டு அவ்வளவு நம்பத்தக்க துணை அல்ல. அவன் செய்யவேண்டிய வேலையைத் தானே செய்துவிடுவதாக அது ஆசை காட்டும். விளக்கை அணைத்துவிட்டால் பாதிக் கதை முடிந்தது என்று எழுதுகிறவன் நம்பிவிடுகிறான். மீதிப் பாதிக்கு ஒரு கதவுத் தட்டலும் ஒரு பூனையும் போதும் என்றும் நினைத்துக்கொள்கிறான்.

ராசிபுரத்தை அடுத்த வெண்ணந்தூரிலிருந்து ஓர் இளைஞர் தாம் எழுதிய குறும்படப் பிரதி ஒன்றை எனக்குப் படிக்கக் கொடுத்தார். பதினோரு பக்கம். ஒரே அறை, ஒரே இரவு, இரண்டே பாத்திரங்கள். மின்சாரம் போகிறது, மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள், மின்சாரம் வருகிறது. ஏறக்குறைய ஒரு பக்கம் ஒரு நிமிஷம் என்ற கணக்கில் பார்த்தால் பதினோரு நிமிஷப் படம். இந்த மாதிரிப் பிரதிகள் இப்போது ஏராளமாக எழுதப்படுகின்றன. செலவு குறைவு என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், இதை எழுதுகிற வயதினர் 2012ஆம் வருஷத்தைப் பள்ளிக்கூடப் பையன்களாகப் பார்த்தவர்கள். அந்த வருஷம் சென்னைக்கு இரண்டு மணி நேரம் மின்வெட்டு என்றால் வெளி மாவட்டங்களில் அது பத்து மணி நேரத்தையும் தாண்டிற்று. ஒரு மணி நேரம் வந்தால் அடுத்த மணி நேரம் போகும் என்றிருந்த நாள்களும் உண்டு. மெழுகுவர்த்தியும் பரீட்சையும் அவர்களுக்கு ஒரே ஞாபகம்.

பிரதியின் முதல் மூன்று பக்கங்கள் எனக்கு மிகவும் பிடித்திருந்தன. இடம், ஒரு சின்ன விசைத்தறிப் பட்டறையின் கோடியிலுள்ள அறை. அறை என்று தனியாகச் சொல்வதுகூட மிகை. இரண்டு தறி, ஓரத்தில் ஒரு கட்டில், அடுப்பு, ஒரு தகரப் பெட்டி, அவ்வளவுதான். புருஷன் தறி ஓட்டுகிறான். மனைவி தார் சுற்றுகிறாள். தறிகள் ஓடுகிற சத்தத்தில் இருவரும் காதோடு காதாகக் கத்திப் பேசிக்கொள்கிறார்கள். இரவு மணி ஒன்பது. மின்சாரம் போகிறது. அவர்கள் தறி மட்டுமல்ல, தெரு முழுவதும் தறி நிற்கிறது. அந்த நிசப்தத்தில் மனைவி பழக்க தோஷத்தால் இன்னும் கத்திக்கொண்டே இருக்கிறாள். "சோத்துக்கு உப்புப் பத்துச்சாங்க?" என்ற வாக்கியம் ஊருக்கே கேட்கிறது. பிறகு வாயைப் பொத்திக்கொள்கிறாள்.

இது சென்னையில் உட்கார்ந்து யோசித்து எழுதக்கூடிய காட்சி அல்ல. பட்டணத்தில் மின்சாரம் போனால் வெளிச்சம் போகும். தறி ஊரில் அதற்கு முன்னால் சத்தம் போகும். பேசாமல் இருப்பதற்கு அதுவரை ஒரு சௌகரியமான காரணம் இருந்தது. அந்தக் காரணம் ஒரு நொடியில் இல்லாமல் போய்விடுகிறது. இதைவிட நல்ல ஆரம்பம் ஒரு குறும்படத்துக்கு வேண்டியதில்லை.

நாலாம் பக்கத்தில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். திறந்தால் ஆள் இல்லை. ஐந்தாம் பக்கத்தில் பக்கத்துத் தறியில் தூக்குப் போட்டுக்கொண்டவன் ஒருவனைப் பற்றிப் பேச்சு வருகிறது. ஆறாம் பக்கத்திலிருந்து மெழுகுவர்த்தி நடுங்கத் தொடங்குகிறது. ஒன்பதாம் பக்கம்வரை நடுக்கம் நிற்கவில்லை. பத்தில் அணைகிறது. அலறல். பதினொன்றில் மின்சாரம் வருகிறது. கதவருகே ஒரு பூனை. இருவரும் சிரிக்கிறார்கள்.

இந்தச் சிரிப்பில்தான் படம் செத்துப்போகிறது. மின்சாரம் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்றால், பார்த்தவன் பத்து நிமிஷம் காத்திருந்தது மின்சார வாரியத்துக்காகத்தான் என்று ஆகிறது. மின்வெட்டுக் கதையில் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்த ஒரே சம்பவம் மின்சாரம் திரும்பப்போகிறது என்பது. அந்தத் தெரிந்த முடிவைப் பயமாக மாற்ற முடியுமா என்பதே எழுதுகிறவனுக்கு வைக்கப்பட்ட சோதனை.

இதைச் சாதித்த ஒரு கதையை அவருக்குச் சொன்னேன். ஜும்பா லாஹிரி ஆங்கிலத்தில் எழுதி 1999ல் வெளிவந்த முதல் தொகுதியின் முதல் கதை அது. அடுத்த வருஷம் அந்தத் தொகுதிக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. பாஸ்டன் நகரத்தில் ஒரு வங்காளித் தம்பதி, ஷோபா, ஷுகுமார். குழந்தை செத்துப் பிறந்து ஆறு மாதமாகிறது. ஒரே வீட்டில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருக்கிறார்கள். மின்கம்பியைப் பழுது பார்ப்பதற்காக ஐந்து நாள், தினமும் இரவு எட்டு மணிக்கு ஒரு மணி நேரம் மின்சாரம் இருக்காது என்று நோட்டீஸ் வருகிறது. முதல் நாள் வீட்டில் அகப்படுவது பிறந்தநாள் மெழுகுவர்த்திகள் மட்டுமே. அவற்றை ஒரு செடித்தொட்டி மண்ணில் குத்தி ஏற்றுகிறான் கணவன். குழந்தை இல்லாத வீட்டில் பிறந்தநாள் மெழுகுவர்த்தி! ஆசிரியை அதைச் சுட்டிக்காட்டவில்லை. ஏற்றிவைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

அந்த வெளிச்சத்தில் இருவரும் ஒரு விளையாட்டுத் தொடங்குகிறார்கள். இதுவரை ஒருவருக்கொருவர் சொல்லாத ஒன்றைத் தினம் ஒன்றாகச் சொல்ல வேண்டும். முதல் நாள் சின்ன ரகசியம்: பழகிய புதிதில் அவனுடைய விலாசப் புத்தகத்தைத் திறந்து தன் பெயர் இருக்கிறதா என்று அவள் பார்த்தது. நாளுக்கு நாள் ரகசியங்கள் கனக்கின்றன. இருவரும் நெருங்குகிறார்கள் என்று நாம் நம்பத் தொடங்குகிறோம். ஐந்தாம் நாள் காலை இன்னொரு நோட்டீஸ்: வேலை முன்னதாகவே முடிந்துவிட்டது. அன்றிரவு மின்சாரம் இருந்தும் அவன் ஆசைப்பட்டு மெழுகுவர்த்தி ஏற்றுகிறான். சாப்பாடு முடிந்ததும் அவள் அதை ஊதி அணைத்து, மின்விளக்கைப் போடுகிறாள். தான் சொல்லப்போவதைக் கேட்கும்போது தன் முகம் அவனுக்குத் தெரியவேண்டும் என்கிறாள். தனியே போய் வாழத் தனக்கு ஒரு வீடு பார்த்தாயிற்று என்கிறாள். நாலு நாளும் அவள் இதற்காகவே ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் அவனுக்கும் நமக்கும் விளங்குகிறது. பதிலுக்கு அவன் தன்னிடமுள்ள கடைசி ரகசியத்தைச் சொல்கிறான். அதைக் கேட்டபிறகு அவள் விளக்கை அணைக்கிறாள்.

இந்தக் கதையில் பேய் இல்லை, கதவு தட்டப்படவில்லை, மெழுகுவர்த்தி நடுங்கவில்லை. மின்சாரம் குறித்த நாளுக்கு ஒரு நாள் முன்னதாக வந்துவிடுகிறது; நம்மைக் கலக்குவது அதுதான். இருட்டில் சொல்லிக்கொள்ள முடிந்த இரண்டு பேர் வெளிச்சத்தில் என்ன ஆவார்கள் என்ற கேள்விக்கு அது பதில் கேட்டுவிடுகிறது.

வெண்ணந்தூர் இளைஞரின் அறையிலும் இதே பொருள் இருக்கிறது. அவரே அதை இரண்டாம் பக்கத்தில் போகிறபோக்கில் எழுதிவிட்டு மறந்துவிட்டார். புருஷனுக்குப் 'பாக்கி' இருக்கிறது. நாமக்கல், ஈரோடு பக்கத்து விசைத்தறி ஊர்களில் இந்தச் சொல்லுக்குத் தனி அர்த்தம். தறி முதலாளி முன்பணம் கொடுத்து ஆளை வைத்துக்கொள்வார். அந்தப் பணம் தீரும்வரை ஆள் வேறு இடம் போக முடியாது; போவதானால் அடுத்த முதலாளி அந்தப் பாக்கியைக் கட்டி அழைத்துப்போக வேண்டும். பாக்கி கைமாறுமே தவிர, தீர்வது அபூர்வம். மனைவிக்குத் திருப்பூரில் ஒரு தம்பி. பனியன் கம்பெனியில் வேலை இருக்கிறது, பாக்கியை நான் கட்டுகிறேன், வந்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். அவள் தகரப் பெட்டியில் துணி எடுத்து வைத்துவிட்டாள். அதைப் புருஷனிடம் இன்னும் சொல்லவில்லை. புருஷனோ அன்று சாயங்காலம் முதலாளியிடம் இன்னும் ஒரு தொகை வாங்கி மடியில் கட்டியிருக்கிறான். அதை மனைவியிடம் சொல்லவில்லை.

இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு பூனையைத் தேடிப் போவானேன்? தறி ஓடும்வரை இருவரும் தப்பித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது மணிக்குத் தறி நிற்கிறது. பத்து மணிக்கு மறுபடி ஓடும். பேசுவதானால் அந்த ஒரு மணி நேரத்தில் பேசியாக வேண்டும்.

இனி மெழுகுவர்த்தியைப் பற்றி. இளைஞர் அதை அலங்காரமாக வைத்திருக்கிறார். எனக்கு அது மூன்றாவது பாத்திரமாகத் தெரிகிறது. அதன் குணங்களை அறிந்துகொண்டு எழுத வேண்டும்.

முதல் குணம், காற்றில்லாத அறையில் சுடர் அசையாது. ஏற்றிவைத்துப் பார்த்தால் தெரியும். கோயில் தூண்மாதிரி நிற்கும். நாலு பக்கம் முழுவதும் நடுங்குகிற சுடர் யாரையும் எதையும் எச்சரிக்க முடியாது. ஏழு நிமிஷம் அசையாமல் நின்ற சுடர் எட்டாவது நிமிஷம் ஒரு பக்கம் சாய்ந்தால், கதவு திறந்தது என்று வசனமில்லாமலே பார்க்கிறவனுக்குத் தெரிந்துவிடும். அந்த ஒரு சாய்வுக்காக மற்ற நேரமெல்லாம் அதைச் சும்மா விட்டுவைக்க வேண்டும்.

இரண்டாவது, வெளிச்சம் மிகச் சீக்கிரம் தேய்ந்துபோகும். சுடரிலிருந்து ஓரடி தூரத்திலுள்ள முகத்துக்குக் கிடைக்கிற வெளிச்சத்தில் நாலில் ஒரு பங்குதான் இரண்டடியில் கிடைக்கும். மூன்றடியில் ஒன்பதில் ஒரு பங்கு. ஆகவே உட்கார்ந்திருக்கிறவள் ஓரடி பின்னால் சாய்ந்தால் அது ஒரு செயல். முகத்தை எடுத்துக்கொண்டுவிட்டாள் என்று அர்த்தம். பொய் சொல்லும்போது அவனைச் சாயவிடலாம். உண்மை கேட்கும்போது அவளை முன்னால் நகர்த்தலாம். நடிப்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான கட்டளை கொடுக்க முடியாது.

மூன்றாவது, மெழுகுவர்த்தி டார்ச் விளக்குக்கு நேர் எதிர். 2012ல், அந்த மின்வெட்டுக் காலத்திலேயே, கார்த்திக் சுப்புராஜின் 'பீட்சா' வந்தது. அதன் பயம் டார்ச்சின் பயம்: பிடித்திருப்பவன் எங்கே காட்டுகிறானோ அந்த வட்டம் மட்டும் தெரியும், அவன் நகர்ந்து தேடுகிறான். மெழுகுவர்த்தியைப் பிடித்திருப்பவன் தேட முடியாது. சுடர் அவன் கண்ணையே கூசவைக்கும். அதற்கப்பால் இருப்பது அவனுக்குத் தெரியாது. ஆனால் அவன் எல்லோருக்கும் தெரிவான். ஆகவே மெழுகுவர்த்தி யார் கையில் இருக்கிறது என்பதை ஒவ்வொரு பக்கத்திலும் எழுத வேண்டும். இளைஞரின் பிரதியில் ஐந்தாம் பக்கத்தில் அது பெட்டியின்மேல் இருக்கிறது. ஆறில் மனைவி கையில் இருக்கிறது. யார் எடுத்தார்கள் என்று சொல்லவில்லை.

கடைசியாக ஒன்று. மெழுகுவர்த்தி தேயும். கடையில் விற்கிற விரல் பருமன் வர்த்தி மணிக்கு ஓர் அங்குலமோ சற்று அதிகமோ எரியும். பார்க்கிறவனுக்கு அதுதான் கடிகாரம். படம் எடுப்பவனுக்கு அதுவே தலைவலி. பதினோரு நிமிஷப் படத்தை எடுக்க இரண்டு இரவு ஆகும். முன் காட்சியில் குட்டையாக இருந்த வர்த்தி பின் காட்சியில் வளர்ந்திருந்தால் தியேட்டரே சிரிக்கும். ஒரே ரக வர்த்திகளை வாங்கி, எந்தப் பக்கத்துக்கு எத்தனை அங்குலம் என்று வெட்டிக் குறித்து வைத்துக்கொள்வதுதான் வழி. அந்தக் குறிப்பு பிரதியின் ஓரத்திலேயே இருந்தால் நல்லது.

இத்தனையும் சொன்னபிறகு இன்னும் ஒன்றுக்கு அந்த அறை இடம் கொடுக்கிறது. மோட்டாரின் ஸ்டார்ட்டர் ஒழுங்காக இருந்தால் மின்சாரம் போனதும் தானே விடுபட்டுவிடும். திரும்ப ஆள்தான் போட வேண்டும். பழசாகி நிற்காமல் போன ஸ்டார்ட்டரைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தால் அது விடுபடாது. மின்சாரம் வந்த நொடியில் தறி தானே ஓடும். நாடா பறக்கும், அச்சுச் சட்டம் வந்து அடிக்கும். நடுவில் விரல் இருந்தால் விரல் போகும். தறிக்காரர்கள் அறிந்த விஷயம் இது. மற்றவர்களுக்குத் தெரியும்படி முதல் பக்கத்திலேயே கயிறு கட்டிய ஸ்டார்ட்டரை ஒரு தரம் காட்டிவிட வேண்டும். தறியைச் சுற்றிப் பஞ்சுத் தூசி படிந்திருக்கும், அதனருகே நெருப்பைக் கொண்டுபோகக் கூடாது என்பதையும் அவள் வாயால் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம்.

நான் இளைஞருக்கு எழுதிக் காட்டிய பகுதி இது. பிரதியில் பயந்தான், வருந்தினாள் என்று எழுதக் கூடாது. காமிரா கண்டதையும் காது கேட்டதையும் மட்டும் எழுத வேண்டும்.

*மனைவி மெழுகுவர்த்தியைத் தறிக்கு எட்ட நிறுத்திப் பிடித்திருக்கிறாள். வர்த்தி ஒன்றரை அங்குலம். புருஷன் குனிந்து, அறுந்த பாவு இழையைப் பிணைத்து விழுதுக் கண்ணில் கோத்துக்கொண்டிருக்கிறான். இரண்டு கையும் தறிக்குள்.*

*மனைவி: ஏனுங்க, சுவிட்சை நிறுத்தீட்டீங்களா?*

*புருஷன்: ஆச்சு, ஆச்சு. வெளிச்சத்தைக் காட்டு.*

*சுவரில் ஸ்டார்ட்டர். கயிறு கட்டியபடி இருக்கிறது.*

*மனைவி: திருப்பூர்ல இருந்து தம்பி சொல்லி விட்டிருந்தான்...*

*புருஷன் கை நிற்கிறது. தறிக்குள்ளேயே நிற்கிறது.*

*புருஷன்: என்னன்னு?*

*மனைவி பதில் சொல்லவில்லை. உருகிய மெழுகு அவள் விரலில் வழிகிறது. கையை எடுக்கவில்லை.*

இந்த இடத்தில் பார்க்கிறவன் இரண்டு பயத்துக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறான். அவள் சீக்கிரம் சொல்லிவிட வேண்டும் என்று தவிப்பான். அவன் கையை எடுத்துவிட வேண்டும் என்றும் தவிப்பான். அவள் சொல்லத் தயங்குகிற ஒவ்வொரு விநாடியும் அவன் கை தறிக்குள் இருக்கிறது. பேச்சின் அபாயமும் விரலின் அபாயமும் ஒன்றாகிவிடுகின்றன. இரண்டுக்கும் மெழுகுவர்த்தியே சாட்சி.

விரல் போய்விட வேண்டுமா என்று இளைஞர் கேட்டார். போனால் படம் விபத்தைப் பற்றியதாகிவிடும். பாக்கியைப் பற்றிய படம் அங்கேயே நின்றுவிடும். இழையைக் கோத்து முடித்து அவன் கையை வெளியே எடுக்கட்டும். எடுத்த கை தன்னை அறியாமல் மடியைத் தொட்டுப் பார்க்கட்டும். அதை அவள் பார்க்கட்டும். அவள் வாய் திறந்து "நாம இங்கிருந்து" என்று தொடங்கும்போது மின்சாரம் வரட்டும். குழல்விளக்கு இரண்டு தரம் கண் சிமிட்டி எரியும். தெரு முழுவதும் தறி ஓடும். அவர்கள் தறியும் தானே ஓடும். அவன் திடுக்கிட்டுத் தறியைப் பார்ப்பான். தன் கையைப் பார்ப்பான். அவள் உதடு அசைவது நமக்குத் தெரியும், வார்த்தை கேட்காது. வெளிச்சத்தில் அவன் கண் தகரப் பெட்டிமேல் விழும். மூடி சரியாகப் பொருந்தாமல் அவள் சேலை நுனி வெளியே தெரியும்.

"என்ன சொன்னே?" என்று அவன் கத்துவான்.

"நூல் பத்தாதுன்னேன்!" என்று அவளும் கத்துவாள். முதல் பக்கத்தில் உப்பைப் பற்றிக் கத்திய அதே குரலில். பிறகு கையிலிருக்கும் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டுத் தார் சுற்ற உட்காருவாள்.

இளைஞர் ஒரு ஆட்சேபம் சொன்னார். இப்படி முடித்தால் கூட்டம் கைதட்டாது, பயமே இல்லையே என்று கேட்பார்கள் என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. போட்டிக்குப் போகிற குறும்படத்துக்குக் கடைசி நிமிஷத்தில் ஒரு அதிர்ச்சி வேண்டும் என்ற வழக்கம் ஏற்பட்டுவிட்டது. பூனைக்குக் கைதட்டல் கிடைக்கும் என்பதும் வாஸ்தவம். ஆனால் பூனையைப் பார்த்தவன் வீட்டுக்குப் போகும் வழியிலேயே அதை மறந்துவிடுவான். வெளிச்சம் வந்தபிறகு மனைவி சொல்லாமல் விட்ட வாக்கியத்தை அவன் மனத்தில் முடித்துப் பார்க்காமல் இருக்க முடியாது. அதை முடித்துப் பார்க்கும்போது, அடுத்த மின்வெட்டு எப்போது என்று அவனும் அவளோடு சேர்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருப்பான்.